பரிந்துரைக்கு வேலுத்தாய்

யோகலட்சுமியின் பயோடேட்டா இரண்டே பக்கம். எம். புதுப்பட்டியில் அவள் பொறுப்பிலிருந்த அறுபத்திரண்டு குடும்பங்கள், பட்டாசு வேலையை விட்டு வந்த பிள்ளைகளுக்கு நடத்திய இணைப்புப் பள்ளி, மகளிர் குழுக்கள், காலாண்டு அறிக்கைகள், எல்லாம் இருந்தன. கடைசியில் ஒரு வரி: ‘இரண்டாம் கட்ட நிதிக்கான திட்டத்தை எழுதியது நான்.’ வம்பே அந்த வரியில்தான்.

விருதுநகரில் ஒரு தொண்டு நிறுவனம். எம். புதுப்பட்டிப் பக்கத்தையும் பார்த்துக்கொள்ளும் ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு நேர்காணல். இயக்குநர் கனகசபாபதி கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார்.

“உங்க பழைய இயக்குநர்கிட்ட விசாரிச்சோம்மா. திட்டம், அறிக்கை எல்லாம் அவரே எழுதினதாம். நீங்க ஊருக்குள்ள போயிட்டு வருவீங்க, அம்புட்டுத்தானாம்.”

யோகலட்சுமிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வராதா பின்னே? நாலு வருசம் இவள் எழுத, கையெழுத்தை மட்டும் போட்டு டெல்லி வரைக்கும் பேர் வாங்கிய மகராசன் அல்லவா! இப்போது பொய்க்காரி என்று பேராகிவிட்டால், இந்த மாவட்டத்தில் இனி எந்த நிறுவனமும் அவளைச் சேர்க்காது.

“அதான் சார், பரிந்துரைக்கு அவர் பேரைப் போடல.”

கனகசபாபதி தாளைப் புரட்டினார். ‘வேலுத்தாய், பட்டாசுத் தொழிலாளி’ என்றிருந்தது. பக்கத்திலிருந்த கணக்கு அலுவலர் சங்கரபாண்டியன் சிரித்தேவிட்டார்.

“உதவி வாங்கின பொம்பளை பேரையா போடுவாங்க?”

“அவுககிட்ட கேட்டுட்டுத்தான் சார் போட்டேன். நம்பர் டீக்கடை போன். தீபாவளி முடிஞ்சு கம்பெனி அடைச்சிருக்கு, இருப்பாக.”

கனகசபாபதி ஸ்பீக்கரைப் போட்டு அழைத்தார். மணி முழுசாகக்கூட அடிக்கவில்லை.

“வேலுத்தாய் பேசுதேன்! விடிஞ்சதுலருந்து போனுக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். கேளுங்க சார்!”

“யோகலட்சுமி அறிக்கையெல்லாம் எழுதுவாங்களா?”

“எழுதுவாகளாவா? அனுப்புறதுக்கு முன்னாடி எங்க குழுவுல வாசிச்சுக் காட்டுவாகளே! எங்களப் பத்தி எழுதுனத எங்களுக்குத் தெரியாம அனுப்பலாமா? புதுத் திட்டத்துல சாயங்கால வகுப்பு ஆறு மணிக்குன்னு போட்டிருந்தாக. சீசன்ல நாங்க வீடு வந்து சேரவே ஏழாயிரும், பிள்ளைகளுக்குச் சோறு எப்பப் பொங்குறது, எப்பக் கூட்டியாறதுன்னு சண்டை போட்டேன். என் கண்ணு முன்னாடியே அத அடிச்சுட்டு எட்டுன்னு எழுதுனாக.”

கனகசபாபதி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இந்த நிறுவனத்துக்கும் யோகலட்சுமியின் பழைய நிறுவனத்துக்கும் நிதி தருவது ஒரே இடம்தான். அங்கிருந்து மாதிரிக்கென்று வந்த அந்தத் திட்டத்தை அவர் முன்னமே படித்திருந்தார்.

“எட்டு மணிக்கு யார் வகுப்பு வைப்பாங்கன்னு நேத்து உங்க பழைய இயக்குநர்கிட்ட கேட்டேன்,” என்றார் மெதுவாக. “அச்சுப் பிழையா இருக்கும்னார்.”

சங்கரபாண்டியனின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

“சார், என்ன பேச்சையே காணோம்?” ஸ்பீக்கர் அதட்டியது. “வேலை உண்டா, இல்லையா?”

“உண்டும்மா, குடுத்தாச்சு.”

அவ்வளவுதான். வேலுத்தாய் தனியாக இல்லை போலிருக்கிறது. டீக்கடை முழுக்கக் குலவைச் சத்தம் கிளம்பி, ஸ்பீக்கர் கரகரத்தது. யோகலட்சுமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள்.

“அடுத்த அறிக்கை வாசிக்கையில நானும் வரலாமா?” என்று கேட்டார் கனகசபாபதி.

“வாங்க சார். தப்பா எழுதியிருந்தா உங்களையும் சேத்துத்தான் வைவோம்!”