ஐந்தாவது வரிக்கு ஒரு கேள்விக்குறி

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, மயிலாப்பூர் வீட்டின் வாஷிங் மெஷினில், ஜெயராம் தன் மனைவியின் மருந்துச் சீட்டைத் துவைத்து எடுத்தார். சும்மா சொல்லக்கூடாது, சுத்தமாகவே துவைத்திருந்தார். சட்டைப் பையிலிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு உருண்டை வந்தது. அதில் டாக்டரின் கையெழுத்து ஒரு துளி கூட மிச்சமில்லை.

ரத்த அழுத்தம் இருநூறைத் தொட்டு, நான்கு நாள் நர்சிங் ஹோமில் படுத்துவிட்டு அன்று மத்தியானம்தான் ஜெயலக்ஷ்மி வீடு திரும்பியிருந்தாள். அங்கேயே மருந்து வாங்கியிருக்கலாம். வரிசையில் நிற்கப் பிடிக்காமல், "நம்ம ஷரஃபுதீன் கடையில சாயங்காலம் வாங்கிக்கலாம்" என்று அழைத்து வந்தவர் ஜெயராம். ஆஸ்பத்திரி வாடை போகட்டும் என்று வந்ததும் வராததுமாகச் சட்டையைக் கழற்றி மெஷினில் போட்டவரும் அவரேதான். வீட்டு வேலையில் ஒத்தாசை செய்வதாக அவருக்கு நினைப்பு.

"இன்னா ஸார், மாத்திரைய கரைச்சுக் குடுப்பாங்க, நீ சீட்டையே கரைச்சுட்டியே!" என்றாள், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வேலம்மா. நொச்சிக்குப்பத்திலிருந்து பன்னிரண்டு வருடமாக வருகிறவள். ஸார் என்பாள், ஒருமையில்தான் பேசுவாள்.

"போட்டோ இருக்கு" என்றார் ஜெயராம், கௌரவத்தோடு.

இருந்தது. டிஸ்சார்ஜ் ஆன சந்தோஷத்தில், சீட்டை இடது கையில் பிடித்து வலது கையால் படம் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். ஆறு வரிகள். ஐந்தாவது வரியின் நடுவே அவருடைய கட்டைவிரலின் நிழல், மெரினாவில் கரையேற்றிய கட்டுமரம் மாதிரி சாவகாசமாகக் கிடந்தது.

மத்தியான வேளை வரைக்கும் நர்ஸே மாத்திரை கொடுத்திருந்தாள். அடுத்த வேளை ராத்திரி எட்டு மணி. ஐந்து மணி நேரம் இருந்தது. ஜெயராமுக்குக் கவலையே இல்லை. முப்பத்திரண்டு வருடம் தி. நகரில் தபால் பிரித்தவர். பேனாவைக் காலால் பிடித்து எழுதினவர்களின் விலாசம் கூட அவரிடம் பலித்திருக்கிறது. டாக்டர் கையெழுத்து எம்மாத்திரம்?

பழைய காலண்டரின் பின்பக்கத்தைத் திருப்பி, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டார். படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு வரியாக வந்தார். முதல் வரி, தைராய்டு மாத்திரை, ஐம்பது, வெறும் வயிற்றில். வருஷக்கணக்காகப் போட்டுக்கொள்வதுதான். காலை ஆறு மணிக் கட்டத்தில் எழுதினார். அடுத்தது டெல்மிசார்டன் நாற்பது, பக்கத்தில் 1-0-0. காலையில் ஒன்று, மத்தியானமும் ராத்திரியும் கிடையாது. எட்டரை மணிக் கட்டம். கால்சியம் 0-1-0, சாப்பாட்டுக்குப் பின். அது ஒன்றரை மணிக்கு. அம்லோடிபின் ஐந்து, 0-0-1, ராத்திரி எட்டு. ஆறாவது வரியில் பாராசிட்டமால், பக்கத்தில் எஸ்.ஓ.எஸ். என்று இருந்தது. தேவைப்பட்டால் மட்டும் என்று அர்த்தம். அதற்கு மணி கிடையாது. எந்தக் கட்டத்திலும் சேர்க்காமல் அடியில் தனியாக, 'காய்ச்சல் வந்தால் மட்டும்' என்று எழுதினார். தன் எழுத்தைத் தானே ரசித்தார்.

பாக்கி ஐந்தாவது வரி. 'ஹைட்ர' என்று ஆரம்பித்தது. 'சின்' என்று முடிந்தது மாதிரி இருந்தது. நடுவில் கட்டுமரம். கடைசியில் 25, 1-1-1, பளிச்சென்று தெரிந்தன. அளவு தெரியும், மூன்று வேளை என்று தெரியும், என்ன மாத்திரை என்றுதான் தெரியாது.

அந்த நேரம் பார்த்து ஜெயலக்ஷ்மியின் அண்ணா ராஜகோபாலன் ஆழ்வார்பேட்டையிலிருந்து போன் செய்தார். வாட்ஸ்அப் படத்தைப் பார்த்துவிட்டார்.

"ஹைட்ராக்சிசின், மாப்பிள்ளே! அரிப்புக்குக் கொடுக்கறது. போன வருஷம் எனக்கும் இதேதான் கொடுத்தா. ராத்திரி போட்டுண்டா தூக்கம் சொக்கும்."

"நிச்சயமா?"

"வேற என்னவா இருக்கும்?"

ஜெயலக்ஷ்மிக்கு நர்சிங் ஹோம் பிளாஸ்திரி ஒத்துக்கொள்ளாமல் கையெல்லாம் தடித்து அரித்துக்கொண்டிருந்தது. கச்சிதமாகப் பொருந்திவிட்டது. ஜெயராம் மூன்று வேளைக் கட்டத்திலும் நீல மையில் ஹைட்ராக்சிசின் என்று எழுதி, பரிசு வாங்கிய பையன் மாதிரி மனைவியிடம் கொண்டுபோய் நீட்டினார்.

அவள் சாய்ந்தபடியே படித்தாள். போனில் படத்தையும் பார்த்தாள். முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். விடை சரியாக இருந்தாலும் வழியைக் காட்டச் சொல்லுகிற ஜாதி.

"ஏன்னா, சீட்டுல இருக்கறதைப் படிச்சு எழுதினேளா, இல்லே எனக்கு அரிக்கறதைப் பார்த்து எழுதினேளா?"

ஜெயராம் அட்டவணையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். 

"படிக்கத் தெரிலன்னா தெரிலன்னு சொல்லிட்டுப் போயேன் ஸார்" என்று சமையலறையிலிருந்து வேலம்மா எடுத்துக் கொடுத்தாள். "அம்மா வயித்துலதான போவப் போவுது, உன் வயித்துலயா?"

அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். தபால் பிரித்த காலத்தில் அவர் படித்தது கையெழுத்தை அல்ல. அது அவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். முதலில் பின்கோடைப் பார்ப்பார். அப்புறம் அந்தப் பேட்டையில் என்னென்ன தெரு உண்டோ, அதில் ஒன்றைக் கிறுக்கலுக்குப் பொருத்திவிடுவார். விலாசம் புரியாத கடிதங்களைப் போட என்றே அலமாரியில் ஒரு தனிப் பொந்து இருந்தது. சந்தேகமா, அதில் போடு என்பது சட்டம். ஜெயராமின் பொந்து எப்போதும் காலி. அதில் அவருக்கு அத்தனை பெருமை. பத்துக்கு எட்டு சரியாகப் போய்ச் சேரும். மீதி இரண்டு, பத்து நாள் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வரும். ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது.

மாத்திரை திரும்பி வராது.

நாசூக்காக அடித்துத் திருத்த மனம் வரவில்லை. அந்தத் தாளையே கிழித்துப் போட்டார். காலண்டரின் இன்னொரு தாளைக் கிழித்து, புதிதாகக் கட்டம் போட்டார். தெளிவாக இருந்த ஐந்தையும் மறுபடி எழுதினார். ஐந்தாவது வரி வந்ததும் சிவப்புப் பேனாவை எடுத்தார். 'ஹைட்ர…சின்? நடுவில் படிக்க முடியவில்லை. 25 மி.கி., மூன்று வேளை. டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.' காலை, மத்தியானம், ராத்திரி மூன்று கட்டங்களிலும் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு, இடத்தைக் காலியாக விட்டார். முப்பத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக அந்தப் பொந்தில் ஒரு கடிதம் விழுந்தது.

லஸ் பக்கத்துச் சந்தில் ஷரஃபுதீனின் மருந்துக்கடை. அவர் அட்டவணையை ஒரு கையிலும் போனை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்பிட்டார்.

"அஞ்சும் கரெக்ட் ஸார். எஸ்.ஓ.எஸ்ஸ தனியா போட்டீங்க பாருங்க, அதான் சூப்பர். நெறைய பேரு அதையும் மூணு வேளை முழுங்கிக்கினு கீறாங்க."

"அந்தச் சிவப்பு?"

ஷரஃபுதீன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனை மூக்கருகே கொண்டுபோனார். "ஹைட்ராக்சிசினா இருக்கலாம்."

"இருக்கலாமா, அதுதானா?"

"ஹைட்ராலசினாவும் இருக்கலாம். அது பிரஷருக்கு. ரெண்டுலயும் இருபத்தஞ்சு வருது, ரெண்டையும் மூணு வேளை எழுதுவாங்க. எங்க தொழில்ல இந்த ரெண்டையும் தனித்தனி தட்டுலதான் வெப்போம். மாறிப் போச்சுன்னா வம்பு." மற்ற மாத்திரைகளைக் கவரில் போட்டார். "இருக்கலாம்னு சொல்லி நான் மாத்திரை குடுக்க மாட்டேன் ஸார். நீங்க கோச்சிக்கினாலும் சரி."

ஜெயராம் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு மணி நேரம் முன்பு வந்திருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார். ஒரு மணி நேரம் முன்பு வந்திருந்தால், நீல மை அட்டவணையைக் காட்டி, ஹைட்ராக்சிசின் பத்து என்று அதட்டியே வாங்கியிருப்பார். நர்சிங் ஹோமுக்குப் போகிற ஆட்டோவில் அதை நினைத்து அவருக்கு வியர்த்தது.

நர்சிங் ஹோம் வரவேற்பில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே பேசினாள்.

"டாக்டரத்தான் கேக்கணும்."

"டாக்டர் எங்கேம்மா?"

"போயிட்டாங்க."

"எங்கே?"

"சாயங்காலம் இங்க வர மாட்டாங்க."

"ஆத்துக்காரியோட கேஸ் ஷீட் உள்ளேதானே இருக்கு? அதைப் பார்த்துச் சொல்லேன்."

"டாக்டர் சொன்னா எடுப்போம் ஸார்."

ஜெயலக்ஷ்மியைப் பார்த்த டாக்டர் ரூஹி சாயங்காலம் அடையாறில் ஒரு கிளினிக்கில் உட்காருவார் என்ற தகவலை, கேட்காமலே சொன்னவர் வாசலில் நின்ற செக்யூரிட்டி. மறுபடி ஆட்டோ. திரு.வி.க. பாலத்தில் ஒரு கல்யாண ஊர்வலம் குறுக்கே வந்தது. ராஜகோபாலன் இரண்டு தடவை போன் செய்து, "அதுவாத்தான் இருக்கும் மாப்பிள்ளே, கொடுத்துடுங்கோ" என்றார். ஜெயராம் தன் வாழ்நாளிலேயே முதல்முறையாக மச்சினரிடம், "எனக்குத் தெரியாது ராஜு, உமக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார். சொன்னதும் உடம்பே லேசாக இருந்தது.

கிளினிக்கில் டோக்கன் இருபத்து மூன்று. உள்ளே போகும்போது ஏழு மணி பத்து நிமிடம். டாக்டர் ரூஹிக்கு நாற்பது வயது இருக்கும். போனில் இருந்த படத்தை வாங்கிப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"என்ன இது, கோழி கிளறின மாதிரி? யார் எழுதினது?"

ஜெயராம் பணிவாகச் சொன்னார். "நீங்கதான், டாக்டர்."

டாக்டர் படத்தை இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம் டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். ஜெயராமும் சிரித்தார். "நிழல் என்னோடதும்மா. எழுத்து மட்டும்தான் உங்களோடது. பாதிப் பாதி."

டாக்டர் நர்சிங் ஹோமுக்குப் போன் செய்தார். சாயங்காலம் எடுக்க முடியாத கேஸ் ஷீட் இப்போது ஒரு நிமிடத்தில் வெளியே வந்து, படமாகி, அவர் போனில் வந்து விழுந்தது. அதைப் பார்ப்பதற்கு முன், மேசையில் ஜெயராம் விரித்து வைத்திருந்த காலண்டர் தாள் அவர் கண்ணில் பட்டது. ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை விரலை ஓட்டினார். விரல் சிவப்பு மையில் நின்றது.

"இந்த அஞ்சாவதை வீட்டுல இன்னும் கொடுக்கலையே?"

"ஒண்ணு கூடக் கொடுக்கலை. எட்டு மணி வேளை பாக்கி நிக்கறது. அரிப்பு மாத்திரைன்னு எழுதி, கிழிச்சுப் போட்டுட்டு வந்திருக்கேன்."

டாக்டர் இப்போது கேஸ் ஷீட் படத்தைப் பார்த்தார். "அரிப்பு மாத்திரையா! அதைக் கொடுத்திருந்தா அவங்க நல்லா தூங்கியிருப்பாங்க. நீங்களும் நிம்மதியா இருந்திருப்பீங்க. பிரஷர் பாட்டுக்கு ஏறிக்கிட்டே போயிருக்கும்." டாக்டர் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "இதை நான் ஒரு போட்டோ எடுத்துக்கலாமா ஸார்? எங்க நர்ஸுங்களுக்குக் காட்டணும்."

ஜெயராம் தலையாட்டினார். மேசையிலிருந்து தன் போனை எடுத்து, வீட்டுக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"ஜெயா, டாக்டர் முன்னாடி உக்காந்திருக்கேன். நீயே காதால கேட்டுக்கோ." நீலப் பேனாவின் மூடியைக் கழற்றினார். "இருக்கலாம், அதுவாத்தான் இருக்கும், அவரைக் கேளு, இவரைக் கேளுன்னு ஊரெல்லாம் கேட்டாச்சு. நீங்களாவது ஒரே வார்த்தையில சொல்லுங்கோ டாக்டர். எது?"

"ஹைட்ராலசின்" என்றார் டாக்டர் ரூஹி. "இருபத்தஞ்சு, மூணு வேளை. சந்தேகமே இல்லை."