வரிக்கு வரி

அந்தப் பெண்மணி டவுன் பஸ் ஓட்டுகிறவள். பதினேழு வருஷமாக அதே வேலை. டெப்போவில் எல்லாரும் டிரைவரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் கணவரும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார். அவர் சலூன்காரர். மூன்று வருஷத்துக்கு முன் சிறுநீரகம் கைவிட்டதிலிருந்து செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். காலை ஏழு மணிக்குப் படுத்தால் பதினொன்றுக்குத்தான் எழுந்திருப்பார்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அவரை மெஷினில் மாட்டிவிட்டு, டிரைவரம்மா நேராக அடுத்த தெருவிலிருந்த டிராவல்ஸுக்கு நடந்தாள். கையில் இரண்டு விமான டிக்கெட் பிரிண்ட். மனசு முழுக்க சண்டை.

விஷயம் இதுதான். வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பார்க்க அடுத்த வாரம் வியாழக்கிழமை இருவரும் கிளம்புகிறார்கள். அவள் அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் பேசி, அப்பாவுக்குச் சனிக்கிழமை காலை டயாலிசிஸுக்குப் படுக்கை வாங்கி வைத்திருக்கிறாள். எல்லாம் சரி. ஆனால் முந்தின நாள் ராத்திரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிக்கெட்டைப் படித்த டிரைவரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு ஆளுக்கு டிக்கெட் 410. அதற்குக் கீழே 'வரிகளும் கட்டணங்களும்' என்று 236! பாதிக்கு மேல்! எந்த அரசாங்கம் இப்படி வாங்கும்? நடுவில் எவனோ வாயில் போட்டுக்கொண்டான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

டிராவல்ஸ் என்றால் பெரிய ஆபீஸ் இல்லை. மூன்று மேஜை, ஒரு ஏசி, அது சொட்டுகிற தண்ணிக்கு ஒரு பக்கெட். டிக்கெட் போட்டுக்கொடுத்தது முதலாளியின் மச்சான்; அவர் இடத்தில் இல்லை. நடு மேஜையில் நாற்பது வயதுப் பெண்ணொருத்தி இருந்தாள். டிக்கெட் போட்டபோது லீவில் போயிருந்தவள். காதில் பேனா செருகியிருந்தாள். பக்கத்து மேஜைக்காரன், "வரியக்காகிட்ட கேளுங்கம்மா, அவங்கதான் சரியான ஆள்" என்று கை காட்டினான்.

"நீங்கதானா வரியக்கா? நல்ல பேருதான். இந்த வரியை எல்லாம் யாரு வாங்குறது, நீங்களா?" என்று ஆரம்பித்தாள் டிரைவரம்மா.

வரியக்கா கோபப்படவில்லை. "உக்காருங்கக்கா. இதுல எந்த வரி உங்களுக்குப் புரியல, எழுத்து வரியா, கட்டுற வரியா?"

"ரெண்டும்."

"அப்ப மேலேருந்தே வருவோம்."

டிக்கெட்டை வாங்கி மேஜையில் விரித்து, ஒரு ஸ்கேலை எடுத்து முதல் வரிக்குக் கீழே வைத்தாள். டிக்கெட் எண்ணைத் தட்டி, கம்ப்யூட்டரில் முழு விவரத்தையும் எடுத்தாள். 236 என்று ஒரே மூட்டையாகக் கட்டியிருந்தது திரையில் எட்டு வரியாக அவிழ்ந்தது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரண்டு எழுத்துக் குறி.

"இந்த 410 அடிப்படைக் கட்டணம். சீட்டுக்கு விமானக் கம்பெனி வைக்கிற விலை. அடுத்து பாருங்க, 120. இது வரி பக்கத்துல உக்காந்திருக்கு, ஆனா வரி இல்லக்கா. எரிபொருள் அது இதுன்னு கம்பெனியே போடுற கூடுதல் கட்டணம். அரசாங்கத்துக்கு ஒரு காசு போகாது."

"அப்ப அதை ஏன் வரியோட சேத்து எழுதுறான்?"

"மேல 410னு போட்டா பாக்க அழகா இருக்குல்ல."

டிரைவரம்மாவுக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது. சண்டையை மறந்துவிடக்கூடாது என்று முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

ஸ்கேல் இறங்கியது. "21, இதுதான் டிக்கெட் மேல நம்ம அரசாங்கம் வாங்குற வரி. 28, நம்ம ஏர்போர்ட்டைப் பயன்படுத்துறதுக்கு. 6, பாதுகாப்புச் சோதனைக்கு. நடுவுல ரெண்டு இருக்கு, அதுக்கு அப்புறம் வர்றேன். கடைசி ரெண்டும், இந்த 18, 6, திரும்பி வரும்போது உங்க பொண்ணு ஊர் ஏர்போர்ட்டுக்கு. இதெல்லாம் கம்பெனி வசூல் பண்ணி அந்தந்த இடத்துல கட்டிடணும். நீங்க போகாம டிக்கெட் வீணானா, கேட்டா இதுல பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். 120ஐத்தான் வழக்கமா தரமாட்டாங்க."

இத்தனை வருஷத்தில் யாரும் தன்னிடம் இப்படி உட்கார்ந்து சொன்னதில்லை என்று டிரைவரம்மா நினைத்துக்கொண்டாள். அந்தப் பெண் ஒரு வரியையும் தாண்டிக் குதிக்கவில்லை. தெரிந்ததைத் தெரியும் என்றாள். ஒரு குறியில் மட்டும் சந்தேகம் வந்தபோது, 'இருங்க' என்று சொல்லி, தடித்த ஒரு பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பேசினாள்.

மிச்சம் இருந்தது நடுவில் இரண்டு வரி. இரண்டுக்கும் ஒரே குறி. ஒன்று 31, இன்னொன்று 6.

"இது நீங்க விமானம் மாறுற ஊர்" என்று ஆரம்பித்த வரியக்கா சட்டென்று நிறுத்தினாள். காதிலிருந்த பேனாவை எடுத்தாள். ஸ்கேல் அசையவில்லை.

"என்னாச்சு?"

"ஒரே ஏர்போர்ட். போகும்போது ஒரு தடவை மாறுறீங்க, வரும்போது ஒரு தடவை. ரெண்டும் 6ஆ இருக்கணும். ஒண்ணு ஏன் 31?"

"பாத்தீங்களா! நான் சொன்னேன்ல, அடிச்சிட்டானுங்க!"

"இல்லக்கா. கம்ப்யூட்டர் கணக்குல தப்பு பண்ணாது. அது நம்மகிட்ட எதையோ சொல்லுது." வரியக்காவின் குரல் தாழ்ந்திருந்தது. "இறங்கி இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள அடுத்த விமானம் ஏறினா மாறிப் போறவங்கன்னு கணக்கு, 6 வாங்குவாங்க. அதைத் தாண்டினா அந்த ஊர்ல தங்கிக் கிளம்புறவங்கன்னு கணக்கு. அதுக்குத்தான் 31."

"நாங்க எங்க தங்குறோம்? ராத்திரி பத்து இருவதுக்கு இறங்குறோம், பதினொண்ணரைக்கு அடுத்தது. மனப்பாடமா வச்சிருக்கேன்."

வரியக்கா பிரிண்டின் முதல் பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த விமானத்தின் நேரத்தை அல்ல, அதற்கு முன்னால் சின்ன எழுத்தில் இருந்த தேதியைப் பேனாவால் தொட்டாள். முதல் விமானம் வியாழன். இரண்டாவது வெள்ளி.

டிரைவரம்மா பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தாள். பதினொன்றரை சரிதான். மறுநாள் பதினொன்றரை. இருபத்தைந்து மணி பத்து நிமிஷம்.

நாளெல்லாம் கால அட்டவணையோடு மாரடிக்கிறவள் அவள். ஒரு நிமிஷம் பிந்தினால் கண்டக்டரைக் கடிந்துகொள்கிறவள். ரெண்டு வாரமாக அந்தக் காகிதத்தை மடித்து மடித்துப் பிரித்தும் தேதியைப் பார்க்கவில்லை.

"அப்ப நாங்க போய்ச் சேர்றது..."

"சனிக்கிழமை சாயந்திரம்."

சனிக்கிழமை காலைதான் படுக்கை. அதை விட்டால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று மகளுக்கே தெரியாது. வியாழன் காலை சுத்தம் செய்த ரத்தம். நடுவில் ஒரு நாள் முழுக்க ஏர்போர்ட் நாற்காலியில், வெளியே போக விசாவும் இல்லாமல், அளந்து தண்ணி குடிக்க வேண்டிய மனுஷன். போன வருஷம் ஒரு தடவை முறை தள்ளிப்போனபோது அவர் மூச்சுக்குத் திணறியது அவள் கண்முன் வந்து நின்றது. டயாலிசிஸ் விஷயத்தைச் சொன்னாள்.

வரியக்கா ஒரு டம்ளர் தண்ணி வைத்தாள். பிறகு, "தப்பு எங்க பக்கம்க்கா. அன்னிக்கு ராத்திரி விமானம் நிறைஞ்சிருக்கும். சிஸ்டம் அடுத்த நாளைக் காட்டியிருக்கும், எங்க முதலாளி மச்சான் நேரத்தை மட்டும் பாத்துப் போட்டுட்டார். நான் சரி பண்றேன். பதினோரு மணிக்கு நீங்க ஆஸ்பத்திரிக்குப் போகணும்ல? அதுக்குள்ள பாப்போம்" என்றாள்.

அதற்கப்புறம் நடந்ததை டிரைவரம்மா பல பேரிடம் சொல்லியிருக்கிறாள். வியாழன் ராத்திரி பதினொன்றரை விமானத்தில் ஒரு சீட்டுகூட இல்லை. வரியக்கா விடவில்லை. நடு ஊரிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு விமானமாகத் தட்டிக்கொண்டே போனாள். விடியற்காலை ஒன்றே முக்காலுக்கு ஒன்று, அதே கம்பெனி, இரண்டு சீட்டு. வெள்ளிக்கிழமை மாலை போய்ச் சேரும். கம்பெனிக்கு போன் போட்டாள். அந்தப் பக்கம் யாரோ மாற்றுக் கட்டணம் மொத்தமாக இவ்வளவு என்று ஒரு தொகையைச் சொல்ல, இவள், "மொத்தம் வேண்டாம் சார், வரி வரியா சொல்லுங்க" என்றாள். ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். "சார், இப்ப இவங்க மூணரை மணி நேரத்துல மாறுறாங்க. அந்த 31 இனி 6தான். நீங்க பழைய 31ஐ அப்படியே விட்டிருக்கீங்க. 25 கழியணும், ரெண்டு பேருக்கும்." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பாட்டு ஓடியது. திரும்பி வந்த குரல் கழித்துக் கொடுத்தது.

கடைசியில் அவள் எழுதியது இது: அடிப்படைக் கட்டணம் 45 கூடுகிறது, அதன்மேல் அரசாங்க வரி 2, மாற்றுவதற்கு 60, கழிவது 25. ஒரு ஆளுக்கு 82.

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார். "பிரிண்ட்ல தேதி இருக்கே. அவங்களும் ஒரு தடவை பாத்திருக்கலாமே?"

"அவங்க பஸ் ஓட்டுறவங்க சார். டிக்கெட் பாக்குறது நம்ம வேலை. ரெண்டு பேருக்கும் சேத்து ஆகுற நூத்தி அறுபத்தினாலையும் நம்மதான் போடணும்."

முதலாளி தன் மச்சானின் காலி நாற்காலியைப் பார்த்தார். டிரைவரம்மாவைப் பார்த்தார். "போட்டுவிடும்மா" என்று சொல்லிவிட்டு, பக்கெட்டில் நிறைந்துவிட்ட தண்ணியைக் கொட்டப் போவதுபோல் வெளியே போனார்.

புது டிக்கெட்டைக் கையில் கொடுக்கும்போது வரியக்கா ஒவ்வொரு விமானத்தின் தேதியையும் டிரைவரம்மாவையே உரக்கப் படிக்க வைத்தாள். பத்து ஐம்பது. ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடினால் சரியாக இருக்கும்.

"சண்டை போடத்தாம்மா வந்தேன்" என்றாள் டிரைவரம்மா.

"தெரியும்க்கா. அப்படி வர்றவங்கதான் கடைசி வரி வரைக்கும் கேக்குறாங்க. மத்தவங்க மொத்தத்தைப் பாத்துட்டுப் போயிடுறாங்க."

அவர்கள் வெள்ளிக்கிழமை மாலை இறங்கினார்கள். சனிக்கிழமை காலை சலூன்காரர் அந்த ஊர் மெஷினில் படுத்துக்கொண்டு, பாஷை தெரியாத நர்ஸின் தலைமுடி வெட்டு சரியில்லை என்று ஜாடையில் விளக்கிக்கொண்டிருந்தார். நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். டிரைவரம்மா வெளியே வந்து, அப்போதுதான் கொஞ்சம் அழுதாள்.

ஊர் திரும்பின பிறகு டெப்போவில் யாராவது வெளிநாடு போகிறேன் என்றால் அவள் வரியக்காவின் நம்பரைக் கொடுப்பாள். "எவ்வளவு சீக்கிரம் வேலை முடியும்?" என்று கேட்பார்கள்.

"சீக்கிரம் முடியாது. ஒரு மணி நேரம் ஆகும். பொறுமையா உக்காந்து, அந்தப் பொண்ணு சொல்றதைக் கேளு" என்பாள்.