துடைத்த கண்ணாடி

எதிர்த்துப் பேசினார் என்று மேஸ்திரி சென்னிமலையைக் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு இறக்கினார் மில் மேனேஜர் வரதராஜுலு. மில்லின் வேலை விதிகளான நிலையாணைகள் ஒட்டிய வாசல் கண்ணாடிப் பெட்டியையும் தினமும் துடைக்கச் சொன்னார்.

சென்னிமலை துடைத்துத் துடைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். தண்டனைப் பட்டியலில் எச்சரிக்கை, அபராதம், நான்கு நாள் சஸ்பெண்ட், டிஸ்மிஸ் இருந்தன. பதவி இறக்கம் இல்லை.

தொழிற்சங்கத்தோடு போய், மேனேஜரையும் வரவழைத்த தொழிலாளர் அலுவலரிடம் கேட்டார்: "பட்டியல்ல இல்லாத தண்டனைய இவரு எப்படீங்க குடுக்கலாம்?"

"கோர்ட்டுக்குப் போனா நிக்காதுங்க," என்றார் அலுவலர் மேனேஜரிடம்.

பழைய வேலை திரும்பக் கிடைத்தது. சென்னிமலைக்கு அது போதவில்லை. பதவி இறக்கம் ரத்து என்ற உத்தரவை அதே கண்ணாடிப் பெட்டியில் மேனேஜரே ஒட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத வைத்தார்.

ஷிப்ட் மாறும் நேரம், அத்தனை பேர் பார்க்க வரதராஜுலு ஒட்டினார்.

"ஏனுங்க சார், கண்ணாடியில உங்க கை பட்டுப்போச்சுங்க," என்று துடைக்கும் துணியை நீட்டினார் சென்னிமலை.