ஒரு பக்கத்தில் மூன்று வேலைகள்

விண்ணப்பத்தோடு ஒரு பக்கச் சுருக்கம் கேட்டிருந்தார்கள். அதில் மூன்று வேலைகளை மட்டும் எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் விண்ணப்பதாரர் தானே எடுத்த முடிவு என்ன, அதனால் என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். மலைநாட்டுக் குடிநீர்த் திட்டமொன்றுக்கு மூத்த பொறியியலாளர் வேலை அது. அலுவலகம் கண்டியில்தான்.

சுதர்சினி பதினொரு வருடமாக நகரத்து ஆலோசனை நிறுவனமொன்றில் தண்ணீர்க் குழாய்களோடும் தொட்டிகளோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவள். எழுத அவளிடம் இருபதுக்கு மேல் வேலைகள் இருந்தன. எதை விடுவது என்பதுதான் சிக்கல்.

எழுதிய பட்டியலைப் பக்கத்து மேசை இப்ஹாமிடம் காட்டினாள். கெலிஓயாக்காரன். எட்டு வருடமாக ஒரே அறையில் இருப்பவர்கள்.

"மடுல்கெல்லய முதல்ல போடுங்க சுதா" என்றான் அவன். "மத்ததெல்லாம் நாலு பேர் சேந்து செஞ்சது. அது முழுக்க ஒங்கட வேல."

"அது சின்ன வேலைங்க. நாலு லயத்துக்குத் தண்ணி. பாக்கிறவங்க சிரிப்பாங்க."

"அவங்க எடுக்கிறதும் மலையில வேல செய்யத்தானே."

சுதர்சினி தலையாட்டினாள். ஆனால் மடுல்கெல்லத் தோட்டம் என்றதும் அவளுக்கு ஞாபகம் வந்தது வேறு. மேலேயிருந்து ஒரே குழாயில் இறங்கிய தண்ணீரின் அழுத்தத்தில் தொழிலாளர் குடியிருக்கும் கீழ் லயங்களில் குழாய்கள் வெடித்துக்கொண்டிருந்தன. அழுத்தத்தைக் குறைக்க நடுவில் ஒரு தொட்டி கட்டலாம் என்று முடிவெடுத்தவள் அவள்தான். கீழே வெடிப்பது நின்றது. ஆனால் நிலத்தின் உயர மட்டங்களை அளக்காமல் பழைய வரைபடத்தை நம்பியிருந்தாள். மேல் லயத்துக் குழாய்வாய்கள் தொட்டியைவிட உயரத்தில் இருந்தன. ஒரு வாரம் அங்கே சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. பெண்கள் வெறும் குடங்களோடு வந்து அவளைச் சுற்றி நின்று ஏசினார்கள். பிறகு தொட்டிக்கு மேலே பிரதான குழாயிலிருந்தே மேல் லயத்துக்குத் தனிக் குழாய் இழுத்து அவள்தான் சரிசெய்தாள். சரிசெய்தது அவளுக்கு மறந்துபோயிருந்தது. ஏச்சு மறக்கவில்லை.

மடுல்கெல்லயைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டுக் கெலிஓயாச் சுத்திகரிப்பு நிலையத்தை முதலில் போட்டாள். பெரிய வேலை, பெரிய தொகை. அங்கே அவள் வெளிக்குழாய் பதிப்பதை மேற்பார்வை செய்தாள். மணல் வடிகட்டிகளை வடிவமைத்தவன் இப்ஹாம். "வடிகட்டி வடிவமைப்புக்குத் தலைமை தாங்கினேன்" என்று எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதி அனுப்பிவிட்டாள். இப்ஹாம் விண்ணப்பிக்கப்போவதில்லை என்றுதான் சொல்லியிருந்தான்.

நேர்முகத்தன்று பேராதனை வீதி அலுவலகத்தின் காத்திருப்பு அறையில், வாசலிலிருந்து இரண்டாவது கதிரையில் இப்ஹாம் உட்கார்ந்திருந்தான்.

"கடைசி நாள்ல போட்டுட்டன் சுதா. வீட்டில விடல்ல." வெட்கத்தோடு சிரித்தான். கையிலிருந்த தாளை நீட்டினான். "பாருங்க, ஒங்கட பேரும் ஈக்கிது."

முதல் வேலை கெலிஓயா. வடிகட்டிகளின் வடிவமைப்பு தன்னுடையது என்று எழுதியிருந்தான். அதன் கீழே ஒரு வரி: வெளிக்குழாய் வேலை முழுவதும் சக பொறியியலாளர் சுதர்சினியுடையது, அவர் இல்லாமல் நிலையம் குறித்த காலத்தில் திறந்திருக்காது.

அவளுக்குக் காது சுட்டது. தன் தாளில் எழுதியதைச் சொல்லிவிட வாய் எடுத்தாள். அதற்குள் உள்ளேயிருந்து அவன் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தவன் அவளை நேராகப் பார்க்கவில்லை. "நல்லவங்கதான். பயப்படாம போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்தவர் திருச்செல்வம், யாழ்ப்பாணத்துக்காரர். ஆங்கிலத்தில் தொடங்கியவர் சிறிது நேரத்தில் தமிழுக்கு வந்தார்.

"கெலிஓயாவில வடிகட்டியைக் கழுவ காத்தையும் தண்ணியையும் சேர்த்து விடுற முறையை எடுத்திருக்கிறியள். தனித் தண்ணி போதாதெண்டு எப்பிடி முடிவெடுத்தனீங்கள்?"

அவர் முன்னால் அவளுடைய தாளும் இப்ஹாமின் தாளும் பக்கம் பக்கமாகக் கிடந்தன. வடிகட்டி நன்றாகச் சுத்தமாகும் என்று பொதுவாக ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். அவளால் முடியவில்லை.

"அந்த முடிவு நான் எடுக்கல சார்" என்றாள். "இப்ஹாம் எடுத்தது. நான் குழாய் வேலைதான் பாத்தேன். அங்க எழுதியிருக்கிறது தப்பு."

மூவரில் கடைசியாக உட்கார்ந்திருந்த அம்மா எழுதுவதை நிறுத்தினார்.

"அப்ப உங்கட சொந்த வேலை எண்டு எதைச் சொல்லுவியள்?"

மடுல்கெல்லயைச் சொன்னாள். தொட்டியை, பழைய வரைபடத்தை, ஏறாத தண்ணீரை, குடங்களை, தனிக் குழாயை எல்லாம் சொன்னாள். திருச்செல்வம் நிறையக் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது.

"இதை ஏன் எழுதேல்லை?"

"பிழை விட்ட வேலை சார்."

"பிழையைக் கண்டுபிடிச்சுத் திருத்தினதையும் நீங்கள்தானே செய்தனீங்கள். நாங்கள் கேட்டது அதைத்தான்." தாளை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். "ஓம், நீங்கள் போகலாம்."

வெளியே வந்தபோது மனதில் கொஞ்சம் பாரம் குறைந்த மாதிரி இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டோம், வேலை போனால் போகட்டும் என்று நினைத்தாள்.

அந்த நிம்மதி நாலு நாள்கூட நிற்கவில்லை. அவளுக்கு வேலை இல்லை என்ற செய்தி முந்தின நாளே வந்திருந்தது. பக்கத்து மேசையில் இப்ஹாம் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, "ஓ சார்... வெளங்குது சார்" என்று மெல்லப் பேசிக்கொண்டிருந்தான். வைத்துவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பினான்.

"யாருங்க?"

"திருச்செல்வம் சார். எனக்கும் இல்லயாம்."

"ஒங்களுக்கு ஏன்?"

"அண்டைக்கு ஒங்கட தாளக் காட்டிக் கேட்டாங்க, வடிகட்டிய ஆர் செஞ்சதெண்டு. ரெண்டு பேரும் சேந்து செஞ்சம், சுதாதான் தல எண்டு செல்லிட்டன். பொறகு நீங்க போய் வேற செல்லியிருக்கீங்க. இப்ப கேட்டாங்க, எது சரியெண்டு. பொய் சென்னது நாந்தான் எண்டு ஒத்துக்கிட்டன்."

"எனக்காகவா சொன்னீங்க?"

"வேற எப்பிடிச் செல்ல? நீங்க அடுத்ததா உள்ளுக்கு வரப் போறீங்க."

நேர்முகத்தன்று படியிறங்கும்போது அவன் ஏன் தன்னை நேராகப் பார்க்கவில்லை என்று சுதர்சினிக்கு இப்போதுதான் புரிந்தது. அவள் எழுதிய ஒரு வரியைக் காப்பாற்ற அவன் பொய் சொன்னான். தன் பாரத்தை இறக்கிவைக்க அவள் சொன்ன உண்மை அவன் பொய்யைக் காட்டிக் கொடுத்துவிட்டது. வேலைக்கு முழுத் தகுதியும் இருந்தது அவனுக்குத்தான்.

"நீங்க உண்மைய சென்னது சரிதான் சுதா" என்றான் அவன். கோபமே இல்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள்.

அன்று மாலையே திருச்செல்வத்துக்கு எழுதினாள்: இப்ஹாமின் தாளில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, அவன் வாயால் சொன்ன பொய்க்கும் காரணம் நான்தான், தயவுசெய்து மறுபடி யோசியுங்கள். இரண்டு நாளில் பதில் வந்தது. அவர் மரியாதையாகவே எழுதியிருந்தார். இருவரைப் பற்றியும் நல்ல எண்ணம்தான், ஆனால் வேறொருவரைத் தெரிவு செய்தாகிவிட்டது. மடுல்கெல்லயை இனியாவது எழுதுங்கள் என்று கடைசியில் ஒரு வரி இருந்தது.

அந்தப் பதிலை அவள் இப்ஹாமிடம் காட்டவில்லை. தான் எழுதியதையும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் அவன் நன்றி சொல்வான் என்று பயந்தாள்.

அடுத்த வாரம் அவன் கம்பளைப் பக்கத்து வேலையொன்றின் வரைபடத்தைக் கொண்டுவந்து அவள் மேசையில் விரித்தான்.

"மட்டங்கள ஒருக்காப் பாத்துத் தாங்க. எனக்கு நம்பிக்க ஒங்கள்லதான்."

"வச்சிட்டுப் போங்க" என்றாள். அவன் தேநீர் எடுக்கப் போனதும் அளவுகோலை எடுத்து, குனிந்த தலை நிமிராமல், ஒவ்வொரு மட்டமாகப் பார்க்கத் தொடங்கினாள்.