மஞ்சள் கோட்டுக்கு உள்ளே

அந்த நாற்காலித் தொழிற்சாலையில் அவருக்குப் பங்குக்காரர் என்று பெயர். அடக்க விலைக் கணக்காளர் என்பது நியமனக் கடிதத்தில் இருந்த பதவி; அதை யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்? கொட்டகை வாடகை, சமையல்காரர் சம்பளம், எந்திர இன்சூரன்ஸ் என்று எந்த ஒரு பிரிவுக்கும் சொந்தமில்லாத செலவையெல்லாம் மூன்று பிரிவின் தலையிலும் பங்கு போட்டுக் கட்டுகிறவர் அவர். ஆகவே பங்குக்காரர். கூப்பிட்டவர்கள் பாசத்தோடு கூப்பிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

பங்கு போடும் முறை ஒன்றும் பரம ரகசியமில்லை. வாடகை மூன்று லட்சம். எந்தப் பிரிவு எத்தனை சதுர அடியை அடைத்துக்கொண்டிருக்கிறதோ அந்த விகிதத்தில். சமையற்கட்டு, மேற்பார்வை, முதலுதவி அறை எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்து இருபதாயிரம். அது ஆள் கணக்கில். எந்திர இன்சூரன்ஸும் பராமரிப்பும் ஒரு லட்சம். அது எந்திரத்தின் மதிப்பைப் பார்த்து. மரம் அறுக்கும் பிரிவில் எந்திரம் அதிகம், ஆள் பத்துப் பேர். பொருத்தும் பிரிவில் இருபது பேர். பாலிஷ் பிரிவில் எந்திரம் என்று சொல்ல ரெண்டு தெளிப்பான்தான், ஆனால் முப்பது பேர். அதோடு பாலிஷ் போட்ட நாற்காலி ஒன்றை ஒன்று தொடாமல் காய வேண்டுமே, அதற்காகக் கொட்டகையில் சரிபாதி, ஐயாயிரம் சதுர அடி. மீதியில் அறுப்புக்கு ரெண்டாயிரம், பொருத்துவதற்கு மூவாயிரம்.

ஒவ்வொரு பிரிவுக்கும் தரையில் மஞ்சள் கோடு உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை பங்குக்காரர் டேப்பை எடுத்துக்கொண்டு போவார். பூஜ்ய முனையை அந்தந்தப் பிரிவு ஃபோர்மேன் பிடித்துக்கொள்ள வேண்டும், அது வழக்கம். பின்னால் ‘ஏமாத்திட்டார்’ என்று யாரும் பேசக் கூடாதல்லவா.

பாலிஷ் ஃபோர்மேன் வேறு யாருமில்லை, பங்குக்காரருடைய தங்கையின் வீட்டுக்காரர். இவர்தான் சிபாரிசு செய்து சேர்த்துவிட்டவர். பிறகு கல்யாணமும் இவர்தான் முடித்து வைத்தார். மாப்பிள்ளைக்கு வாய் கொஞ்சம் நீளம், ஆனால் கை சுத்தம்.

அந்த வருஷம் வியாபாரம் மந்தம். முதலாளி முதல்முறையாகப் பிரிவுவாரியாக லாப நட்டம் கேட்டார். ஒவ்வொரு பிரிவின் வேலையையும் வெளியே கொடுத்தால் என்ன கூலி கேட்பார்களோ அதை வரவாக வைத்து, நேரடிச் செலவைக் கழித்து, மீதியிலிருந்து பங்குச் செலவையும் கழித்துக் காட்ட வேண்டும். காட்டினார். அறுப்பில் தொண்ணூறாயிரம் லாபம். பொருத்துவதில் இருபதாயிரம் லாபம். பாலிஷில் இருபத்தைந்தாயிரம் நட்டம்.

“நட்டத்துல ஓடறதை எதுக்குக் கட்டி அழணும்? வெளியே கொடுத்துடலாம்” என்றார் முதலாளி.

“சார், பாலிஷை மூடினாலும் கொட்டகை வாடகை அப்படியேதான் சார் இருக்கும். இன்னும் நாலு வருஷம் ஒப்பந்தம் இருக்கு. மொத்தமாப் பாருங்க, எம்பத்தஞ்சாயிரம் லாபம்.”

“மொத்தம் எனக்கும் தெரியும். எது திங்குதுன்னுதான் கேட்டேன். அடுத்த மாசம் பார்ப்போம்.”

முப்பது பேர். அதில் ஒருவர் தன் தங்கை புருஷன். பங்குக்காரர் அன்று ராத்திரி தாளின் பின்பக்கத்தில் திருப்பித் திருப்பிக் கணக்குப் போட்டார். மறுநாள் மாப்பிள்ளையை ஓரங்கட்டி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“மாப்ள, உன்னைக் கடிக்கிறது இடம்தான். பாதியை விட்டுடு. அடுக்கு ரேக் போட்டுக் காய வை. மஞ்சள் கோட்டை உள்ளே இழுத்துப் போடு.”

“விட்ட இடத்தை யாரு எடுத்துப்பா மச்சான்?”

“அதைப் பத்தி உனக்கென்ன?”

அதைப் பத்தி உனக்கென்ன! மனுஷன் இதைச் சொன்னபோதே கணக்கு அவர் மண்டைக்குள் ஓடி முடிந்திருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

மாப்பிள்ளை லேசுப்பட்டவரா? கழிவு மரத்தில் தானே ரேக் அடித்தார். முப்பது பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வேலை செய்தார்கள். இடைவெளி குறைந்ததில் சில நாற்காலிகள் ஒட்டிக்கொண்டன. ஆட்களைச் சாயங்காலம் நிறுத்தி, பேச்சு வாங்கிக்கொண்டு, தேய்த்துச் சரி செய்தார். புது மஞ்சள் கோட்டைத் தானே குனிந்து போட்டார். பங்குக்காரர் டேப்பை இழுத்தார். ரெண்டாயிரத்து ஐந்நூறு. “பாத்தீங்களா மச்சான்!” என்று மாப்பிள்ளை சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பரீட்சையில் பாஸான பையன் தோற்றான்.

காலியான பாதி யாருடையதும் இல்லை. அதன் வாடகையைத் தனி வரியாக எழுதி, எந்தப் பிரிவின் மேலும் ஏற்றாமல் விடலாம் என்று பங்குக்காரர் முதலாளியிடம் கேட்டுப் பார்த்தார்.

“காலி இடத்துக்கு யாரு சம்பாதிச்சுக் கொடுப்பா? உங்க மாமனாரா? பிரிச்சுப் போடுங்க.”

பிரித்துப் போட்டார். அடி முப்பது ரூபாயாக இருந்த வாடகை நாற்பதாக ஏறியது. பாலிஷுக்கு இருபத்தைந்தாயிரம் லாபம் வந்தது. அறுப்பு எழுபதாயிரத்துக்கு இறங்கியது. ஒரு ஆணியைக்கூட இடம் மாற்றாத பொருத்தும் பிரிவு பத்தாயிரம் நட்டத்தில் விழுந்தது. அடியில் மொத்த லாபம் அதே எண்பத்தைந்தாயிரம்.

பத்தாயிரம்தானே, இதற்குப் போயா மூடுவார் என்று நம்பினார். நம்பிக்கைக்கு என்ன, யார் வேண்டுமானாலும் நம்பலாம். முதலாளி அடிவரியைப் பார்க்கவில்லை. சிவப்பைத்தான் பார்த்தார். அதே மாதக் கடைசியில் பொருத்தும் வேலை வெளியே போனது.

பொருத்தும் பிரிவின் ஃபோர்மேனுக்கு மீசை என்றுதான் பெயர். மூக்குக்குக் கீழே அத்தனை கம்பீரத்தை வைத்துக்கொண்டு பூனை மாதிரிப் பேசுகிற மனுஷன். கணக்கு முடிக்கிற அன்று பங்குக்காரரின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

“சார், நாங்க என்ன சார் தப்பு பண்ணோம்? போன மாசம் செஞ்ச அதே வேலைதானே சார் இந்த மாசமும் செஞ்சோம்?”

“தப்பு ஒண்ணும் இல்லை.”

“அப்புறம் எப்படி சார் நட்டம் வந்துச்சு?”

பதில் தெரிந்த ஒரே ஆள் பேனா மூடியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மீசை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம் “வரேன் சார்” என்றார். இருபது பேர் போனார்கள். பங்குக்காரர் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். வெட்கமில்லாமல், வாய்விட்டு அழுதார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்திருந்தாள். “அண்ணா, நீ மட்டும் அவர்கிட்ட அந்த வழியைச் சொல்லலைன்னா எங்க கதி என்ன ஆகியிருக்கும்?” என்று கண் கலங்கினாள். அவர் காபியை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த மாதத் தாள் வந்தது. பொருத்தும் பிரிவின் பழைய எந்திரங்களை விற்றதில் இன்சூரன்ஸும் பராமரிப்பும் பதினைந்தாயிரம் குறைந்தன, அவ்வளவுதான். வாடகை அப்படியே. சமையல்காரரும் மேற்பார்வையாளரும் இருபது பேர் குறைந்தார்கள் என்று சம்பளத்தைக் குறைத்துக்கொள்வார்களா என்ன? ஆளுக்கு ரெண்டாயிரமாக இருந்தது மூவாயிரம் ஆனது. அடிக்கு நாற்பதாக இருந்தது அறுபத்தாறைத் தாண்டியது. அறுப்பு ஆறாயிரத்துச் சொச்சத்தில் மூக்கை மட்டும் தண்ணீருக்கு வெளியே வைத்திருந்தது. பாலிஷ் எழுபத்தோராயிரத்துக்கு மேல் நட்டம். எண்பத்தைந்தாயிரம் சம்பாதித்துக்கொண்டிருந்த தொழிற்சாலை இப்போது மொத்தமாக அறுபத்தைந்தாயிரம் கைவிட்டுப் போகிற தொழிற்சாலை.

முதலாளியிடம் அதைச் சொல்லக் குரல் உயர்த்தியே விட்டார். “பொருத்துறது ஒரு லட்சத்து அறுபத்தஞ்சாயிரத்துக்குப் பங்குச் செலவுல தோள் கொடுத்துட்டு இருந்துச்சு சார்! அந்தத் தோளை வெட்டிட்டோம்! பாலிஷையும் வெட்டினா இன்னொரு ஒண்ணு தொண்ணூறு போயிடும்!”

“நீங்க போட்ட தாள்லதானே ஐயா நட்டம்னு இருந்துச்சு? நானா எழுதினேன்?”

பாலிஷுக்கு மாதக் கடைசி வரை கெடு.

மாப்பிள்ளைக்குச் செய்தி போக எத்தனை நேரம்? கையில் வார்னிஷ் கறையோடு கணக்கு அறைக்கு ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. முகத்தில் பயம் இல்லை, அதுதான் கொடுமை. ஒரு யோசனையோடு வந்திருந்தார்.

“மச்சான், இன்னும் சுருக்கிடறேன். ஆயிரம் அடி போதும். ரேக்கைக் கூரை வரைக்கும் ஏத்திடறேன். கோடு போட்டுடட்டா?”

பங்குக்காரர் தாளைத் திருப்பி அவர் முன்னால் வைத்தார். இனி மறைக்க அவருக்குத் தெம்பில்லை.

“ஆயிரம் அடிக்கு வந்தாலும் உனக்கு அஞ்சாயிரம் நட்டம் மாப்ள. அறுப்புக்கு அறுபதாயிரம் நட்டம். கூட்டிப் பாரு, அதே அறுபத்தஞ்சு.”

மாப்பிள்ளை கூட்டினார். பிறகு பழைய தாள் ரெண்டையும் கேட்டு வாங்கினார். கறை பட்ட விரலால் முதல் தாளின் அடிவரியைத் தொட்டார். ரெண்டாவது தாளின் அடிவரியைத் தொட்டார்.

“ரெண்டுலயும் எம்பத்தஞ்சுன்னு இருக்கு.”

“ஆமா.”

“நான் ரேக் அடிக்கிறதுக்கு முன்னாடியும் எம்பத்தஞ்சு. அடிச்ச பிறகும் எம்பத்தஞ்சு.”

“ஆமா மாப்ள.”

“அப்போ நான் ஒண்ணும் மிச்சம் பண்ணலையா?”

“இல்லை.”

“என் சுமையைத் தூக்கி மீசை தலையில வெச்சேன். அவ்வளவுதானா?” அவர் தாளிலிருந்து கண்ணை எடுத்தார். “தெரிஞ்சேதான் சொன்னீங்களா மச்சான்?”

“தெரிஞ்சேதான்” என்றார் பங்குக்காரர். “உன்னைக் காப்பாத்தணும்னு நினைச்சேன். வேற ஒண்ணும் நினைக்கலை.”

திட்டியிருந்தால் தேவலை. சட்டையைப் பிடித்திருந்தால் இன்னும் தேவலை. மாப்பிள்ளை தாள்களை அடுக்கி, ஓரம் சரி பார்த்து, மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

கடைசி வாரம் பாலிஷ் பிரிவு ரேக்குகளைப் பிரித்துப் போட்டது. மாப்பிள்ளை நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, மஞ்சள் கோட்டைத் தாண்டி, தான் விட்ட பாதியிலும் மீசை விட்டுப்போன இடத்திலும் நன்றாக இடைவெளி விட்டுக் காய வைத்தார். முப்பது பேரும் வைத்தார்கள். கொட்டகை நிறைய ஈர நாற்காலிகள். யாரும் தடுக்கவில்லை, வாடகையும் ஒரு ரூபாய் ஏறவில்லை. பங்குக்காரர் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை அவர் பக்கம் திரும்பவில்லை. அந்த வாரத்திற்குப் பிறகு தங்கையிடமிருந்து போனும் வரவில்லை.

அடுத்த தாளை அவர்தான் போட வேண்டும். போட்டார். ஒரே ஒரு பிரிவு. ரெண்டாயிரம் அடிக்கு மூன்று லட்சம் வாடகை, பத்துப் பேர் தலையில் சமையற்கட்டு முழுக்க. ரெண்டரை லட்சம் நட்டம்.

மையை உலர விட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் தட்டியது. அறுப்புப் பிரிவின் ஃபோர்மேன். கையில் டேப். பூஜ்ய முனையை அவரே இழுத்துப் பிடித்திருந்தார்.

“சார், பாலிஷ்காரங்களுக்கு முன்ன ஏதோ வழி சொன்னீங்களாமே” என்றார் தயங்கித் தயங்கி. “நாங்க எவ்வளவு இடம் விட்டா சார் சரியாகும்?”