அமரர் பெயரில் எழுதிய பற்றுச்சீட்டு

கோயில் சபையின் வாட்சப் குழுவில் என் பெயரைச் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். "இலக்கம் 112, பே. தக்சாயினி, சந்தா நிலுவை எட்டு வருடம்." அதற்குக் கீழே செயலாளர் வாகீசன் கைகூப்பும் படமொன்றையும் ஒட்டிவிட்டிருந்தான். கும்பிட்டுக்கொண்டே கன்னத்தில் அறைகிற வித்தையை எங்கே படித்தானோ தெரியாது. என்னிடம் எட்டாம் வகுப்பில் கணக்குப் படித்தவன். நான் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

நிலுவையாம்! அப்பா செத்த வருடத்திலிருந்து ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் சந்தாவைக் கையோடு கொண்டுபோய்க் கட்டியவள் நான். பற்றுச்சீட்டுகள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில், சாமியறை அலுமாரியில் கிடக்கின்றன. ஒன்றுகூடத் தொலையவில்லை.

சந்தாக் காசு பெரிய காசில்லை. வருடத்துக்கு ஆயிரத்து இருநூறு. ஆனால் எங்கள் சபைக்கு ஒரு விதி உண்டு. மூன்று வருடத்துக்கு மேல் நிலுவை வைத்தால் பொதுக்கூட்டத்தில் வாக்கு இல்லை, கையில் இருக்கிற திருவிழா உபயமும் சபைக்குத் திரும்பிவிடும். எங்கள் கந்தசுவாமி கோயிலில் ஐந்தாம் திருவிழா எங்கள் வீட்டுடையது. அப்பா புகையிலை விற்ற காசில் தொடங்கியது. சண்டையில் ஊரே ஓடிப்போய்த் திரும்பிய வருடத்தில், மண்டபத்துக்குக் கூரை இல்லாத நேரத்தில், நாலு சனத்தையும் ஒரு மேளத்தையும் வைத்து அந்தத் திருவிழாவைச் செய்தவர். அவருக்கு நான் ஒரேயொரு பிள்ளை. கலியாணம் கட்டவில்லை. எனக்கென்று ஊரில் உரிமையோடு சொல்லக்கூடியது அந்த ஒரு நாள்தான். அதைத்தான் இப்போது சிவப்பில் போட்டிருக்கிறார்கள்.

அதற்கு ஆள் தயாராக நிற்பதும் எனக்குத் தெரியும். வாகீசனுடைய மச்சான் கருணைநாயகம் சுவிஸிலிருந்து புது மயில் வாகனம் செய்து தருவதாகச் சொல்லி ஒரு திருவிழா நாளுக்குக் காத்திருக்கிறான். ஆடு நனையுதென்று ஓநாய் அழுத கதைதான்.

உறையைத் தூக்கிக்கொண்டு அன்று பின்னேரமே வாகீசன் வீட்டுக்குப் போனேன். விறாந்தையில் மடிக்கணினியோடு இருந்தான். என்னைக் கண்டதும் எழும்பி, "வாங்கோ டீச்சர், இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டான்.

"இருக்க வரேல்லை. உது என்ன கூத்து? நான் காசு கட்டேல்லையோ?"

"கட்டினனீங்கள் எண்டு ஆர் இல்லையெண்டது? பற்றுச்சீட்டுத் துண்டை ஒருக்காப் பாருங்கோ. ஆர்ரை பேரிலை இருக்கு?"

பார்க்கத் தேவையில்லை. ஒவ்வொன்றிலும் "அமரர் க. பேரம்பலம்" என்றுதான் இருக்கும். முந்தின பொருளாளர் பேனையை எடுத்துக்கொண்டு "ஆர் பேரிலை பிள்ளை?" என்று கேட்பார். "அப்பாவின்ரை பேரிலை எழுதுங்கோ" என்பேன். அவரும் எழுதுவார். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதுவிப்பார்கள். செத்தவரின் பெயர் கோயிலில் வருடத்துக்கு ஒருதடவையாவது எழுதப்படவேண்டும் என்று ஒரு எண்ணம். அந்தப் பொருளாளர் இப்போது பிள்ளைகளோடு கனடாவில் குளிர்காய்கிறார்.

வாகீசன் கணினியை என் பக்கம் திருப்பினான். அங்கத்தவர் இலக்கம், பெயர், வருடம், பற்றுச்சீட்டு இலக்கம், வகை, தொகை, குறிப்பு என்று வரிசையாகப் பெட்டிகள்.

"துண்டு கிழிச்ச பழைய அடிக்கட்டைப் புத்தகம் எல்லாத்தையும் நான்தான் இதுக்குள்ளை ஏத்தினனான். துண்டிலை என்ன பேரோ அந்தப் பேருக்குத்தான் காசு போகும். உங்கடை அப்பா இலக்கம் 31. அவர் மோசம்போனவுடனை அந்த இலக்கம் மூடியாச்சு. மூடின இலக்கத்திலை சந்தா ஏறாது டீச்சர், கம்பியூட்டர் விடாது. அதாலை நன்கொடையெண்டு போட்டிருக்கிறன். உங்கடை இலக்கம் 112. அதிலை ஒரு சதமும் இல்லை."

"துண்டிலை சந்தா எண்ட இடத்திலை சரி போட்டிருக்கு. கண் தெரியேல்லையோ? செத்த மனிசன் சந்தா கட்டுவாரோ? கட்டினது நானெண்டு உனக்குத் தெரியாதோ?"

"எனக்குத் தெரியும். கம்பியூட்டருக்குத் தெரியாதே."

"அப்ப மாத்து."

"ஒருத்தருக்கு மாத்தினால் எல்லாருக்கும் மாத்தவேணும். பொதுக்கூட்டத்திலை கதையுங்கோ." கணினியை மூடிக்கொண்டே, "எப்பிடியும் உங்களுக்குப் பிறகு ஆர் டீச்சர் அதைச் செய்யப்போகினம்?" என்றான்.

அந்த ஒரு கேள்விக்காகவே அவனைப் பழையபடி வகுப்பு வாங்கில் ஏற்றி நிறுத்தியிருக்கலாம். "நான் சாகேக்கை சொல்லியனுப்புறன்" என்று சொல்லிவிட்டுப் படலையைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்தேன். மாடு வந்து அவன் பூக்கன்றைத் தின்னட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம் அன்னதான மடத்தில். வாகீசன் சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, அதில் கணினிப் பட்டியலைப் பெரிதாகக் காட்டினான். ஊர்ச் சனம் முழுவதும் என் பெயரைச் சிவப்பில் பார்த்தது. நான் முன்வரிசையில் போய் இருந்தேன். பின்னுக்கிருந்து குசுகுசுப்பதற்கு நான் களவெடுக்கவில்லை.

தலைவர் சிவானந்தம் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "பிள்ளை, விதி எண்டால் விதிதான். எனக்கும் அதுதான், உனக்கும் அதுதான்" என்றார்.

எனக்கு மூளையில் ஒரு வெளிச்சம். "நல்லது அண்ணை. உங்கடை ஐயா எப்ப மோசம்போனவர்?"

"ஏன் இப்ப அந்தக் கதை?"

"சொல்லுங்கோவன்."

"உன்ரை அப்பாவுக்கு அடுத்த மாசம்."

"ஓம். முதல் தைப்பூசத்துக்கு நானும் நீங்களும் ஒண்டாய்த்தானே மேசையடியிலை நிண்டனாங்கள்? நான் கட்டின கையோடை நீங்கள் கட்டினியள். என்ரை துண்டு இலக்கம் 1846. தம்பி வாகீசன், அடிக்கட்டைப் புத்தகத்தை எடு. 1847ஐ வாசி."

வாகீசன் அசையவில்லை. "புத்தகம் அலுமாரிக்குள்ளை பூட்டிக் கிடக்கு டீச்சர்."

"திறப்பு உன்ரை இடுப்பிலை கிடக்கு."

யாரோ சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து மீனாம்பிகை அக்கா, "எடடா தம்பி, நாங்களும் பாப்பம்" என்று குரல் கொடுத்தாள். அவன் எழும்பிப் போய் எடுத்துவந்து, பக்கத்தைப் புரட்டி, வாசிக்காமல் தலைவரைப் பார்த்தான். மீனாம்பிகை அக்கா அதைப் பறித்து உரத்து வாசித்தாள். "1847. அமரர் வே. இராசையா. அதை வெட்டி, சிவானந்தம் எண்டு எழுதியிருக்கு. சந்தா."

"இப்ப சுவரிலை தலைவற்றை வரியைக் காட்டு" என்றேன். "நிலுவை இல்லை. பச்சை. அங்காலை குறிப்பு எண்ட பெட்டியை இழு."

இழுத்தான். பாவம், இழுக்காமல் என்ன செய்வான்? "தகப்பன் பெயரில் செலுத்தியது. மகன் பெயருக்கு மாற்றப்பட்டது."

மடத்துக்குள் ஒரே இரைச்சல். வேலிக்கு ஓணான் சாட்சி என்று ஒருத்தர் கத்தினார். தலைவர் வாகீசனைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். வாகீசன் பட்டியலைப் பார்த்துப் பல்லைக் கடித்தான். எனக்கோ கோயில் மணி அடித்த சந்தோசம். எழும்பி நின்றேன். "தலைவருக்கு என்ன செய்தியோ அதையே எனக்கும் செய். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். இரண்டு பேருக்கும் ஒரே நீதி!"

கை உயர்த்தினார்கள். தலைவருக்கும் உயர்த்தாமல் இருக்க முடியவில்லை. தீர்மானம் நிறைவேறியது. ஐந்தாம் திருவிழா எனக்கு.

வாகீசன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் குரலை இறக்கிப் பேசினான். "சரி டீச்சர். துண்டுகளைத் தாங்கோ."

"ஏன்?"

"தலைவரும் தந்தவர். அசலையும் உங்களிட்டை விட்டுவைச்சால் ஒரு காசுக்கு இரண்டு பேர் உரிமை கேக்கலாம். துண்டிலையும் அடிக்கட்டையிலையும் அப்பாவின்ரை பேரை வெட்டி, உங்கடை பேரையும் 112ஐயும் எழுதி, தலைவரும் பொருளாளரும் கையெழுத்து வைப்பினம். இலக்கம் மாறாது. அசலை அடிக்கட்டையோடை குத்தி வைப்பம். உங்களுக்குச் சபையாலை ஒரு கடிதம் தருவம்."

வெட்டுவது என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் கணக்கு முறை அதுதான். "சரி. ஆனால் திருவிழாவுக்கு அடிக்கிற விஞ்ஞாபனத்திலை அப்பாவின்ரை பேர் வழமை போலை வரவேணும்."

"வராது." அந்தச் சொல்லை அவன் ரசித்துச் சொன்னான். "விஞ்ஞாபனம் இனி இதிலையிருந்துதான் அச்சுக்குப் போகுது. உபயகாரர் ஆரோ அவற்றை பேர்தான். தலைவற்றை ஏழாம் திருவிழாவையும் பாருங்கோ, சிவானந்தம் எண்டுதான் கிடக்கு. இராசையா இல்லை."

"ஞாபகார்த்தம் எண்டு பக்கத்திலை போடலாமே?"

"தலைவருக்குப் போடேல்லையே டீச்சர். ஒரே நீதி எண்டு நீங்கள்தானே கேட்டனீங்கள்?"

தலைவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "நான் ஒண்டும் சொல்லேல்லை பிள்ளை. என்ரை ஐயாவின்ரை பேர் வெட்டுப்பட்டாப்போலை அவருக்கு மோட்சம் கிடையாமல் போகேல்லை" என்றார். அவருக்கு அது வெறும் பேர். அந்த மனிசனோடு இனி என்ன கதைப்பது? சுற்றிப் பார்த்தேன். மீனாம்பிகை அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழும்பிவிட்டாள். கூட்டம் கலைகிறது. தீர்மானத்துக்குக் கை உயர்த்தியவர்கள் எல்லோரும் அன்னதானத்துக்குப் பந்தி பார்க்கப் போய்விட்டார்கள்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அப்பாவின் பெயர் பற்றுச்சீட்டில் இருக்கும், அவர் திருவிழா சுவிஸ்காரனிடம் போகும். ஓம் என்றால் திருவிழா இருக்கும், அதில் அவர் இருக்கமாட்டார். அந்தப் பெயர் இருக்கவேண்டும் என்றுதான் இத்தனை தைப்பூசமும் "அப்பாவின்ரை பேரிலை" என்றேன். அந்த வாயால்தான் இப்படி வந்து நிற்கிறது.

உறையை மேசையில் வைத்தேன். வாகீசன் அடிமட்டத்தை வைத்து முதல் துண்டில் கோடு போடக் குனிந்தான்.

"கையை எடடா!" என்றேன். மடத்துக்குள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "அவரை வெட்டுறதுக்கு நீ ஆர்? பேனையைத் தா."

தந்தான். ஒவ்வொரு துண்டாக எடுத்து, அப்பாவின் பெயருக்கு மேல் நானே கோடு இழுத்தேன். பக்கத்தில் என் பெயரை எழுதினேன். மூன்றாவது துண்டில் கண் மறைத்தது. இவன்களுக்கு முன்னால் அழக்கூடாது என்றிருந்தேன், அழுதேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கடைசித் துண்டு வரைக்கும் வெட்டினேன்.

"முடிஞ்சுதோ டீச்சர்?" என்று கேட்டான் வாகீசன். இந்தமுறை அவன் குரலில் நக்கல் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைத் தந்தது.

"முடிஞ்சுது" என்றேன். "இப்ப இந்த வருசச் சந்தாவை வாங்கு. தக்சாயினி எண்டு எழுது."