பெயருக்கு நேரே ஒரு டிக்

தேவிகுளத்துத் தொழிற்சங்க ஆபீசில், சங்கப் பத்திரிகையை உருட்டி அச்சடிக்க ஸ்டென்சில் வெட்டுமுன் எதையும் ஐந்து விதமாகச் சரிபார்ப்பார்கள்: எழுத்துப்பிழை, தகவல், பெயர், ஆதாரம் எங்கே பார்க்கலாம் என்ற குறிப்பு, தொனி.

தோட்டத் தொழிலாளி அழகுத்தாய் பத்திரிகைக்கு எழுதியதில் நான்கு வரிகளைச் செயலாளர் சங்கையா அடித்தார். "நாயின்னு எழுதுனா ஒன் கோவந்தான் தெரியும். அவன் செஞ்சது தெரியாதும்மா."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரசவ வலியில் துடித்த அவள் அக்காளுக்கு எஸ்டேட் லாரியை மறுத்துவிட்டு, அதில் தன் பீரோவை ஏற்றி அனுப்பியவன் அந்த பீல்டு ஆபீசர். அக்காளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பாதி வழியில் செத்துப்போனாள்.

தேதி சரி. லாரி ரிஜிஸ்டரின் பக்க எண்ணும் சரி. பாக்கி, பெயர். அதை உரியவரிடமே எழுதி வாங்குவது சங்கத்தின் வழக்கம்.

பதவி உயர்வு வந்த மிதப்பில் இருந்தான் பீல்டு ஆபீசர். அழகுத்தாய் கைகட்டி நின்றாள்.

"சங்கப் பத்திரிகைல ஒங்களப் பத்தி வருது ஐயா. பேரைப் பிழையில்லாம எழுதித் தாங்க."

பி.ஏ. பட்டத்தோடு எழுதிக் கொடுத்தான். "நல்லாப் பெருசாப் போடு."

"தலைப்புலயே போடுறேன் ஐயா."